பன்னிரண்டு நிமிடத்துக்கு நாற்பது ரூபாய்

சர்வே ஆப்பில் முதல் கேள்வி பெரும்பாலும் வயது. அடுத்தது ஆணா, பெண்ணா. அதற்கடுத்தது ஊர். ஜமுனாமரத்தூர்க்காரர் ஒருவர் அந்தப் பட்டியலில் தன் ஊரைத் தேடிப் பயனில்லை. திருவண்ணாமலையையோ 'மற்றவை' என்பதையோ தொட்டுவிட்டு நகர வேண்டியதுதான். பிறகு வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பு. பிறகு ஒரு நீளமான பட்டியல்: மின் இணைப்பு, மின்விசிறி, காஸ் அடுப்பு, கலர் டிவி, ஃபிரிட்ஜ், இரு சக்கர வண்டி, வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏசி, விவசாய நிலம். இதில் உங்கள் வீட்டில் இருப்பவை எவை? பதினொன்றையும் படித்து, இருப்பதற்கெல்லாம் டிக் போட்டு 'அடுத்து' என்பதைத் தொட்டால் திரையில் ஒரு வட்டம் சுழலும். மலையில் அது கொஞ்சம் அதிகமாகவே சுழலும். கடைசியில், இந்த சர்வேக்கு நீங்கள் பொருந்தவில்லை, வேறொன்றை முயலுங்கள் என்று வரும். மூன்று நிமிடம் போயிருக்கும். கணக்கில் ஏறியது ஒன்றுமில்லை.

அந்தப் பதினொரு பொருள் பட்டியல் யாரோ தோன்றியபடி எழுதியதில்லை. இந்தியச் சந்தை ஆய்வுத் துறை 2011 முதல் வீடுகளைத் தரம் பிரிக்கப் பயன்படுத்திவந்த முறை அது. சம்பாதிப்பவரின் படிப்பையும் வீட்டிலுள்ள பொருள்களின் எண்ணிக்கையையும் வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஏ1 முதல் இ3 வரை பன்னிரண்டு படிகளில் ஓரிடம் கிடைக்கும். ஷாம்பு, கார் இன்ஷூரன்ஸ், கிரெடிட் கார்டு விற்பவர்களுக்கு மேல்படிகளில் இருப்பவர்களின் கருத்துதான் தேவை. அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள். ஆகவே அந்த மூன்று நிமிடத்தில் ஆப் செய்தது ஆள் பொறுக்கும் வேலை. பொறுக்கப்பட்டவருக்குப் பணம் உண்டு. பொறுக்கப்படுவதற்காக வரிசையில் நின்றவருக்கு இல்லை.

'வீட்டிலிருந்தபடியே, எங்கிருந்தும் சம்பாதிக்கலாம்' என்பது இந்த ஆப்களின் விளம்பர வாசகம். 'எங்கிருந்தும்' என்ற சொல்லைச் சோதித்துப் பார்க்க ஜவ்வாது மலை நல்ல இடம். போளூரிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் வருகிற ஊர்கள். சாமை, புளி, பலா, தேன் என்று பருவத்துக்கொரு வருமானம். பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். (பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். பேசுவது தமிழ்தான். மலையில் ஆளுபவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள்.) அறுவடை முடிந்த மாதங்களில் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போவது இங்கே பழக்கம். கையில் போன் இருக்கிறது, வேலையில்லாத நாள்களும் இருக்கின்றன. அப்படிப்பட்டவருக்கு இந்த வேலை ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தருகிறது என்பதுதான் கேள்வி.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். நூறு நாள் வேலைக்கு 2025-26ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். ஒரு மணி நேர ஓய்வையும் சேர்த்து எட்டு மணி நேரம் என்பது விதி. வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். அதுவும் அளவுப்படி வேலை முடிந்தால்தான் முழுசாகக் கிடைக்கும். குறைந்த கூலி, ஆனால் தெரிந்த கூலி.

இனி சர்வே. அதன் பின்னால் இருக்கும் வியாபாரத்தில் முக்கியமான எண் ஒன்று உண்டு: நூறு பேரிடம் கேட்டால் எத்தனை பேர் தேவைக்குப் பொருந்துவார்கள் என்ற விகிதம். ஒரு கம்பெனிக்கு, கடந்த மூன்று மாதத்தில் ஏசி வாங்கியவர்களின் கருத்து வேண்டும் என்று வையுங்கள். ஆய்வு நிறுவனம் அதைப் பெரிய மாதிரிச் சந்தை ஒன்றில் போடும். சின்ட் போன்ற அந்தச் சந்தைகள் பல ஆப்களையும் பல ஆய்வு நிறுவனங்களையும் ஒரே இடத்தில் இணைப்பவை. முடிந்த பேட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை நிர்ணயமாகும். சந்தைக்கு ஒரு பங்கு, ஆப்புக்கு ஒரு பங்கு போக மிச்சம் நமக்கு வரும். பொருந்தும் விகிதம் குறைந்தால் கம்பெனி பேட்டி ஒன்றுக்குக் கூடுதலாகத்தான் கொடுக்கிறது. ஆனால் அந்தக் கூடுதல், பொருந்தாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. மிஞ்சிப்போனால் சில ஆப்கள் ஆறுதலாக ஒன்றிரண்டு பாயின்ட் போடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்களை நான் வைத்துக்கொள்கிறேன். உங்கள் அனுபவத்தில் வேறாக இருந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு முறை அதேதான். ஆப்பில் '12 நிமிடம், 40 ரூபாய்' என்று காட்டுகிறது. மனசு உடனே மணிக்கு 200 ரூபாய் என்று பெருக்கிவிடும். நூறு நாள் வேலையைப் போலக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

பொருந்தும் விகிதம் ஐந்துக்கு ஒன்று என்று கொள்வோம். நான்கு முறை திருப்பி அனுப்பப்படுகிறார்; ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம், ஆக 12. ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திறந்து, தேர்ந்தெடுத்து, பக்கம் வரும்வரை காத்திருக்க 2 நிமிடம்; ஐந்து முறைக்கு 10. கடைசியில் கிடைத்த சர்வே சொன்னபடி 12 நிமிடத்தில் முடிவதில்லை. சிறிய திரையில், ஆங்கிலத்தில் இருக்கும் 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரையிலான கட்டங்களைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி நிரப்ப வேண்டும். 16 நிமிடம் என்று வைப்போம். மொத்தம் 38 நிமிடம்.

40 ரூபாயும் முழுசாக நிற்காது. வேகமாகப் பதில் சொன்னவர்கள், நடுவில் வைக்கும் பொறிக்கேள்வியில் ('இந்த வரியில் மூன்றாவது விடையைத் தேர்ந்தெடுங்கள்') தவறியவர்கள், முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னவர்கள் ஆகியோரின் பேட்டிகளை வாங்கியவர் பிறகு கழித்துவிடுவார். வாரங்கள் கழித்து ஆப்பில் பாயின்ட் குறையும். காரணம் சொல்ல மாட்டார்கள். பத்தில் ஒன்று இப்படிப் போனால் 40 என்பது சராசரியில் 36. பணம் பெரும்பாலும் ஆன்லைன் கடைகளின் பரிசுக் கூப்பனாகவே வரும். மலையில் அதை ரொக்கமாக்க யாரிடமாவது தள்ளிவிட வேண்டும். பத்து சதவீதம் குறைத்துக் கேட்பார்கள். மிஞ்சுவது 32 ரூபாய் 40 காசு. 38 நிமிடத்துக்கு அது. மணிக்கு 51 ரூபாய்.

சரி, இது இன்னும் 42க்கு மேல்தானே என்று தோன்றும். ஆனால் ஐந்துக்கு ஒன்று என்பது நகரத்து நடுத்தர வர்க்கத்துக்காரர் கணக்கு. ஏசியும் காரும் கிரெடிட் கார்டும் இல்லாத வீட்டுக்குப் பத்துக்கு ஒன்றே பெரிது. ஒன்பது முறை திரும்பினால் 27 நிமிடம், பத்து முறை காத்திருப்பு 20, சர்வே 16, மொத்தம் 63. அதே 32 ரூபாய் 40 காசு. மணிக்கு 31 ரூபாய். ஆப் மாறவில்லை, ஆள் சோம்பேறியாகவில்லை, சர்வேயின் விலைகூடக் குறையவில்லை. கேள்வித்தாள் தேடுகிற ஆள் அவர் இல்லை, அவ்வளவுதான். இதை உணர்ந்தவர்கள் செய்யும் தந்திரம், வீட்டில் ஏசி இருக்கிறது என்று டிக் போடுவது. இரண்டாம் பக்கத்தில் 'எந்தக் கம்பெனி ஏசி, எத்தனை டன்' என்று கேட்டு, போன வாரம் சொன்ன பதிலோடு ஒப்பிட்டு, கணக்கையே முடக்கிவிடுவார்கள். முடக்கும்போது அதுவரை சேர்ந்த பாயின்டும் போய்விடும்.

சேர்ந்த பாயின்ட் என்பது தனிக் கதை. 500 ரூபாய் சேர்ந்தால்தான் எடுக்க முடியும் என்று ஓர் ஆப் வைத்திருந்தால், 460ல் சலித்துப்போனவரின் மணிக்கூலி என்ன? பூஜ்யம். இப்படிச் சலித்துப்போகிறவர்கள் விட்டுச்செல்வது ஆப்பின் வருமானம். நானும் ஓர் ஆப்பில் அப்படி விட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம். குறைந்தபட்சத்தை நெருங்க நெருங்க சர்வேகள் வருவது குறைந்ததுபோல் எனக்குத் தோன்றியது, அது என் பிரமையாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் என் கற்பனைக் கணக்கு என்று ஒதுக்கிவிடாமல் இருக்க, அளந்து பார்த்தவர்கள் சொல்வதைப் பார்க்கலாம். அமேசான் 2005ல் தொடங்கிய மெக்கானிக்கல் டர்க் இந்தக் குறுவேலைச் சந்தைகளுக்கெல்லாம் மூத்தது. படத்தில் இருப்பதைக் குறிப்பது, ரசீதிலுள்ள எண்களைத் தட்டச்சு செய்வது, ஆய்வாளர்களின் கேள்வித்தாளை நிரப்புவது என்று சில காசுகளுக்கான வேலைகள் அதில் வரும். அமெரிக்கருக்கு அடுத்தபடியாக அதில் அதிகம் உழைத்தவர்கள் இந்தியர்கள். நெடுங்காலம் அந்த இரு நாட்டவருக்கு மட்டுமே வங்கிக் கணக்கில் பணம் வந்தது, மற்றவர்களுக்கு அமேசான் கூப்பன்தான். அங்கே வேலை செய்த 2,676 பேர் தங்கள் பிரவுசரில் நிறுவிக்கொண்ட ஒரு சிறு நிரல் வழியாக, 38 லட்சம் வேலைகளின் தொடக்கமும் முடிவும் பதிவாயின. அதை வைத்துக் கொடாரோ ஹாராவும் உடனிருந்த ஆய்வாளர்களும் 2018ல் வெளியிட்ட கட்டுரை, நடுவில் நிற்கும் தொழிலாளியின் வருமானம் மணிக்குச் சுமார் 2 டாலர் என்றது. அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்.

அதே கட்டுரையில், வேலை கொடுப்பவர்களின் பக்கமிருந்து பார்த்தால் சராசரி மணிக்கூலி 11 டாலருக்கு மேல் வருகிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? நல்ல கூலி கொடுப்பவர்கள் பலர், ஆனால் அவர்கள் போடும் வேலைகள் கொஞ்சம். அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார்கள். தொழிலாளியின் நாள் அந்தக் குவியலில்தான் கழிகிறது. அதோடு வேலையைத் தேடும் நேரம், எடுத்துவிட்டு முடியாமல் திருப்பித் தந்த வேலை, செய்து கொடுத்தும் நிராகரிக்கப்பட்ட வேலை ஆகியவற்றையும் சேர்த்துத்தான் ஹாரா குழு வகுத்தது. வகுக்கும் எண்ணில் எதைச் சேர்க்கிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது. ஆப்கள் தங்கள் விளம்பரத்தில் அந்த எண்ணைச் சிறிதாக வைத்துக்கொள்கின்றன.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஐந்து தளங்களில் 75 நாடுகளைச் சேர்ந்த 3,500 பேரைக் கேட்டு 2018ல் அறிக்கை வெளியிட்டது. கூலி கிடைத்த நேரத்தை மட்டும் எண்ணினால் 2017ல் சராசரி மணிக்கு 4.43 டாலர். கூலியில்லாத நேரத்தையும் சேர்த்தால் 3.31. கூலிக்கு வேலை செய்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 20 நிமிடம் தேடலிலும் தகுதித் தேர்விலும் போயிருந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கு மட்டும் எடுத்தால் 2.22 டாலர், அன்றைய மதிப்பில் 140 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். மலையிலிருந்து பார்த்தால் இது பெரிய தொகைதான். ஆனால் யார் சொன்ன பதில் என்று கவனிக்க வேண்டும். அந்தக் கேள்வித்தாளே அந்தத் தளங்களில் காசுக்கான ஒரு வேலையாகப் போடப்பட்டது. அன்றும் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள்தான் நிரப்பினார்கள். இரண்டாவது வாரமே போனை மூடிவிட்டுப் போனவர்கள் அதில் இல்லை. ஆங்கிலம் தடையின்றி வரவேண்டும், கம்ப்யூட்டர் வேண்டும், கணக்குப் பழையதாக இருக்க வேண்டும். மெக்கானிக்கல் டர்க் 2012 வாக்கிலேயே வெளிநாட்டுப் புதுக் கணக்குகளைப் பெரும்பாலும் ஏற்காமல் விட்டது.

அந்தக் கதவு மூடியதும் திறந்திருப்பது என்ன? கேப்ட்சா. நெளிந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்டும் வேலை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2010ல் இந்தச் சந்தைக்குள் தாங்களே புகுந்து பார்த்தார்கள். ஒரு பக்கம் காசு கொடுத்து வேலை வாங்கினார்கள், மறுபக்கம் தொழிலாளியாகச் சேர்ந்து தட்டினார்கள். 1,000 கேப்ட்சாவுக்குத் தொழிலாளிக்கு 50 சென்ட் வரை விலை இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கண்டுபிடிக்கப் பல மொழிகளில் கேப்ட்சா செய்து அனுப்பினார்கள். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று.

ஒன்றுக்கு 10 விநாடி என்றால் ஆயிரம் தட்ட 2 மணி 47 நிமிடம். டாலர் மதிப்பை 85 ரூபாய் என்று வைத்தால் 50 சென்ட் என்பது 42 ரூபாய் 50 காசு. மணிக்குப் பதினைந்து ரூபாய். கண் எரிச்சல் இனாம். 'கேப்ட்சா டைப்பிங் வேலை, மாதம் இருபதாயிரம்' என்று எந்த விளம்பரம் வந்தாலும் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்த்தால் போதும்.

விளம்பரம் பார்த்தால் காசு தரும் ஆப்களுக்கும் இதேபோல ஓர் உச்சவரம்பு உண்டு. விளம்பரம் கொடுப்பவர் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று ஆப்புக்குத் தருகிறார். இந்தியாவில் அது சில பத்து ரூபாயிலிருந்து சில நூறு ரூபாய் வரை. 150 என்று வைப்போம். 30 விநாடி விளம்பரத்தை இடைவிடாமல் பார்த்தால் மணிக்கு 120. அதற்கு ஆப்புக்கு வந்த மொத்த வருமானமே 18 ரூபாய். அதிலிருந்து தனக்குப் போகத்தான் நமக்குத் தர முடியும். பதினெட்டுக்கு மேல் ஒருவன் தருகிறான் என்றால் அந்தப் பணம் விளம்பரத்திலிருந்து வரவில்லை.

இந்த இடத்தில் கோவை மைவி3 ஆட்ஸ் விவகாரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. ஆப்பில் விளம்பரம் பார்த்தால் தினமும் பணம் என்ற திட்டம். 2024 ஜனவரியில் சைபர் கிரைம் போலீசார் வழக்குப் பதிவு செய்ததும், அதை எதிர்த்து நீலம்பூரில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் திரண்டதும் செய்தியாயின. உறுப்பினர் கட்டணம் 360 ரூபாயிலிருந்து 1.21 லட்சம் வரை பல படிகள். தினசரி வருமானமும் அதற்கேற்ப 5 ரூபாயிலிருந்து 1,800 வரை என்று செய்திகள் சொல்லின. வழக்கின் முடிவைச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. எனக்குக் கண்ணில் பட்டது அந்தப் படிகள்தான். ஒரே மாதிரி விளம்பரத்தை ஒருவர் பார்த்தால் 5 ரூபாய், இன்னொருவர் பார்த்தால் 1,800 என்றால், அந்தப் பணம் பார்த்ததற்கான கூலியாக இருக்க வழியில்லை. கட்டிய தொகையைப் பொறுத்து மாறும் பணத்துக்குப் பெயர் வேறு. மணிக்கூலி என்ற கேள்வியே அங்கே பொருந்தாது.

டெலிகிராம் மோசடி இதைவிடக் கச்சிதம். வாட்ஸ்ஆப்பில் செய்தி வரும்: யூடியூப் வீடியோவுக்கு லைக் போடுங்கள், ஒன்றுக்கு 50 ரூபாய். மூன்று லைக், 150 ரூபாய், நிஜமாகவே வங்கிக் கணக்கில் வந்துவிடும். லைக்குக்குச் செலவிட்டது இரண்டு நிமிடம். மணிக்கு 4,500 ரூபாய் என்ற விகிதம். அதுவே எச்சரிக்கை. அடுத்து டெலிகிராம் குழு, 'முன்பணம் கட்டும் டாஸ்க்': 1,000 கட்டினால் 1,300 திரும்பும். திரும்பும். பிறகு 5,000, பிறகு 30,000. திரையில் இருப்பு ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் வரி கட்டு, கணக்கைத் திற என்று மேலும் கேட்பார்கள். இத்தகைய பகுதிநேர வேலை மோசடிகளுக்காக 2023 டிசம்பரில் மத்திய உள்துறையின் பரிந்துரைப்படி நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்கள் முடக்கப்பட்டன. பணம் போனால் 1930க்கு உடனே அழைக்க வேண்டும். நேரம் போகப் போக அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும்.

மலைக்கு ஏஜென்ட் என்ற ஆள் புதியவர் இல்லை. தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்க வருபவர் கையில் முன்பணத்தோடு வருவார். அந்த முன்பணம் ஆளைக் கடனில் கட்டிப்போடும் என்பதும், வேலை என்னவென்று போன பிறகுதான் தெரியும் என்பதும் இங்கே அறிந்த கதை. 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரப் போலீசார் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொன்ற இருபது பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையும் மலையடிவாரமும் சார்ந்தவர்கள். அந்த ஏஜென்ட் எவ்வளவு மோசமானவராக இருந்தாலும் முன்பணம் அவர் கொடுப்பது. போனில் வரும் ஏஜென்ட் முன்பணத்தை வேலைக்காரனிடம் கேட்கிறார். மலையில் யாரிடம் சொன்னாலும் ஒரு நொடியில் புரியும் வித்தியாசம் இது.

நேர்மையான பக்கத்தில் ஒரு வினோதமும் உண்டு. கூகுளின் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் ஆப்பில் மூன்று கேள்விக்குப் பத்து ரூபாய் வந்தால், செலவான நேரம் இருபது விநாடி. மணிக்கு 1,800! ஆனால் அடுத்தது எப்போது வரும் என்பது அவர்கள் கையில். அண்மையில் போன கடைகளைப் பற்றிய கேள்விகள் அதிகம். மாலுக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போய்வரும் போனுக்குக் கேள்வி வரும், வனத்துறைச் சாலையில் நடக்கும் போனைக் கேட்க ஒன்றுமில்லை. வந்த பணமும் பிளே ஸ்டோர் இருப்பாகத்தான் நிற்கும், ஓராண்டில் காலாவதியாகும், ரேஷன் கடையில் செல்லாது. கூலி விகிதம் உயரமாக இருப்பதும் வேலை இருப்பதும் வேறு வேறு. கூகுள் பே சுரண்டல் அட்டைகளில்கூட நமக்கு ஒரு தனி நிலை: தமிழ்நாட்டில் 1979ஆம் ஆண்டின் பரிசுத் திட்டத் தடைச் சட்டம் இருப்பதால், அந்தச் சலுகைகள் பலவற்றின் விதிகளில் தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கு இல்லை என்றே எழுதியிருந்தார்கள். அந்தச் சட்டத்துக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. சுரண்டிப் பார்க்கும் ஆசையில் போகும் நேரத்துக்கும் கூலி கிடையாது.

ஒருவர் தன் மணிக்கூலியைத் தெரிந்துகொள்ள நோட்டில் ஒரு வாரம் எழுதினால் போதும். ஆப்பைத் திறந்த நேரம், மூடிய நேரம். நடுவில் என்ன நடந்தாலும் அது வேலை நேரம். பணம் என்ற இடத்தில் பாயின்டையோ 'நிலுவை'யையோ எழுதக் கூடாது. வங்கிக்கு வந்தது அல்லது கையில் நிஜமாகச் செலவான கூப்பன் மட்டும். வாரக் கடைசியில் வகுத்தால் வரும் எண் பெரும்பாலும் முதல் நாள் நினைத்ததில் கால் பங்காக இருக்கும். இரண்டாம் வாரம் எழுதினால் இன்னொன்றும் தெரியும்: புதிதாகச் சேர்ந்தவருக்குத் தந்த வரவேற்பு போனஸ் முதல் வாரத்தை எவ்வளவு ஊதிக் காட்டியது என்பது.

இந்தக் கணக்கு தலைகீழாகும் வேலை ஒன்று உண்டு; அங்கே பொருந்தும் விகிதம் நூற்றுக்கு நூறு. குரல் பதிவு. கணினிக்குப் பேச்சு மொழியைக் கற்பிக்கப் பல வட்டாரங்களின் குரல் வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் முளைத்துத் தனியே பிரிந்த, பெங்களூருவின் கார்யா என்ற அமைப்பு கர்நாடகக் கிராமங்களில் கன்னட வாக்கியங்களைப் போனில் வாசிக்கவைத்துப் பதிவு செய்தது. மணிக்குக் குறைந்தது 5 டாலர் தருவதாகச் சொல்கிறது, நானூறு ரூபாய்க்கு மேல். காரணம் தருமம் மட்டும் இல்லை. மெட்ரோ நகரத்தில் கிடைக்காத பேச்சைத்தான் வாங்குபவர் தேடுகிறார். கிராமத்துப் பெண் அங்கே ஆள் பொறுக்கும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, அவரைத் தேடித்தான் வேலை வருகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கூகுளும் சேர்ந்து நடத்தும் வாணி திட்டம் நாட்டின் 773 மாவட்டங்களிலும் பேச்சைச் சேகரிக்கப் போவதாக 2022ல் அறிவித்ததும் இந்தத் தேவையால்தான். ஏசி இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்ட அதே ஜமுனாமரத்தூர்க்காரரின் மலைத்தமிழுக்கு இங்கே விலை உண்டு.

ஆனால் இதிலும் நேரத்தை எண்ண வேண்டும். ஒரு வட்டாரத்துக்கு இத்தனை மணி நேரக் குரல் போதும் என்றால், அது நிறைந்ததும் வேலை முடிந்தது. சில நாள் வேலை, மாதச் சம்பளமாக நீளாது. மணிக்கு 5 டாலர் என்பது பதிவில் வாசிக்கும் நேரத்துக்கா, போனைக் கையில் வைத்திருக்கும் நேரத்துக்கா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். வாக்கியம் சுத்தமாகப் பதிவாக வேண்டும், பின்னணியில் சத்தம் இருந்தால் திரும்பி வரும். மலையில் விடிகாலையில் சேவல், பகலில் பிள்ளைகள், சாயங்காலம் தகரக் கூரையில் மழை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு வாசிக்கும் பத்து வாக்கியத்தில் நான்கு நிராகரிக்கப்பட்டால், மறுபடியும் வாசிக்கும் நேரத்தையும் நோட்டில் எழுத வேண்டும்.